கிரானைட்: மேடை, படி இரண்டுக்கும் 97 சதுர அடி + 10% போதுமா?

செல்வி_புதுவீடு

வணக்கம். சமையலறை மேடைக்கும் மாடிப்படிக்கும் ஒரே கறுப்புக் கிரானைட் போடலாம் என்று இருக்கிறோம். கல் எடுக்கப் போகும் முன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

மேடை L வடிவம். ஒரு சுவரில் 10 அடி 6 அங்குலம், அடுத்த சுவரில் மூலையிலிருந்து 8 அடி. முன்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து அகலம் 25 அங்குலம். 8 அடிக் கையின் முனை சுவரில் முட்டாது, திறந்தே இருக்கும். சிங்க் கல்லுக்கு அடியில் தொங்கும் வகை.

படி இரண்டு ஓட்டமாக ஏறுகிறது, ஓட்டத்துக்கு 10 ஏற்றம். ஒவ்வொரு படியும் 3 அடி 6 அங்குல நீளம், 10 அங்குல அகலம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறப்பு. ரைசருக்குக் கிரானைட் வேண்டாம், வெள்ளை டைல் போடுகிறோம்.

நான் போட்ட கணக்கு: மேடை 18 அடி 6 அங்குலம் × 25 அங்குலம், 38½ சதுர அடி. படி 20 × 42 × 10 அங்குலம், 58 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் 97. சேதாரம் 10% சேர்த்து 107. எட்ஜ் பாலிஷ் 18½ + 70 = 88½ ரன்னிங் அடி. இதை நம்பிக் கல் எடுக்கலாமா?

சதுரஅடி

மேடையில் மூலையை இரண்டு தடவை எண்ணிவிட்டீர்கள். 10 அடி 6 அங்குலத்திலேயே மூலை அடங்கிவிட்டது. மறு கையில் 8 அடியிலிருந்து 25 அங்குலத்தைக் கழித்தால் 5 அடி 11 அங்குலம்தான். ஆக 16 அடி 5 அங்குலம் × 25 அங்குலம், 34.2 சதுர அடி. இதில் சிங்க் ஓட்டை, அடுப்பு ஓட்டை இரண்டையும் கழித்துவிடுங்கள். சேதாரம் 10% குறைவு, 15% போடுங்கள். எஸ்டிமேட்டில் நாங்கள் எப்போதும் போடுவது அதுதான்.

கல்பட்டறை

மூலையைப் பற்றி மேலே சொன்னது சரி. ஓட்டையைக் கழிப்பது சரியில்லை. சிங்குக்கு வெட்டியெடுத்த துண்டு 21 × 18 அங்குலம். அதை எந்தப் படிக்கும் போட முடியாது. கல்லுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, துண்டு ஓரமாகக் கிடக்கும். அதனால் ஓட்டையை எப்போதும் முழுக் கல்லாகவே எண்ண வேண்டும்.

செல்வி, படிக்கணக்கை முதலில் பார்ப்போம். 10 அங்குலப் படிக்கு 10 அங்குலக் கல் போதாது. கல் ரைசருக்கு முன்னால் 1 அங்குலம் நீட்டி நிற்க வேண்டும். ஆகவே 11 அங்குலம். திறந்த பக்கத்திலும் 1 அங்குலம் வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டுப் பூச்சு வெளியே தெரியும். ஆகவே நீளம் 43 அங்குலம்.

எண்ணிக்கை 20 என்பது சரிதான், ஆனால் காரணம் வேறு. 10 ஏற்றத்துக்கு மிதிக்கும் படி 9தான். பத்தாவதாகக் கால் வைப்பது லேண்டிங்கில் அல்லது மாடித் தரையில். இரண்டு ஓட்டத்துக்கும் 18 படி. லேண்டிங் விளிம்புக்கு 1, மாடித் தரை விளிம்புக்கு 1, முன்னால் நீட்டி நிற்கும் அதே நோசிங்குடன் வேண்டும். பலர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, கடைசியில் வேறு நிறக் கல்லை அங்கே ஒட்டுவார்கள்.

20 × 43 × 11 அங்குலம் என்றால் 65.7 சதுர அடி. மேடை 34.2. நிகரம் 100 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் எத்தனை சதவீதம் என்று இப்போது சொல்ல மாட்டேன். நீங்கள் பார்த்த ஸ்லாபின் நீள அகலம் என்ன? அது தெரியாமல் சதவீதம் போட முடியாது.

செல்வி_புதுவீடு

நன்றி அண்ணா. லேண்டிங் விளிம்பு என் யோசனையிலேயே இல்லை. கடையில் மூன்று லாட் காட்டினார்கள். நீளம் எல்லாம் ஏறக்குறைய 11 அடி. அகலம் ஒன்று 2 அடி 9 அங்குலம், ஒன்று 3 அடி, ஒன்று 3 அடி 2 அங்குலம். தரம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. 2 அடி 9 அங்குலம்தான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. 33 அங்குலம், மூன்று 11 சரியாக வந்துவிடும் இல்லையா?

கல்பட்டறை

வராது. இந்த இழையில் கவனிக்க வேண்டிய இடமே இதுதான்.

ஸ்லாபின் ஓரம் நேராக இருக்காது. இரண்டு பக்கமும் அரை அங்குலமாவது சீவிய பிறகுதான் நேர்க்கோடு கிடைக்கும். 33 அங்குலக் கல் கையில் 32 ஆகிவிடும். பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தின்னும். மூன்று 11 அங்குலப் பட்டைக்கு 33 அங்குலம் 2 நூல் வேண்டும். இருப்பது 32. ஆகவே இரண்டு பட்டைதான் வரும், 10 அங்குலத்துக்குக் குறைவான ஒரு பட்டை மிஞ்சும். அந்தப் பட்டை உங்கள் படி எதற்கும் ஆகாது.

மூன்று லாட்டையும் தனித்தனியாக அடுக்கிப் பார்க்கிறேன். நீளம் 132 அங்குலம், சீவினால் 131. படி 43, மூன்று வைத்தால் 129 அங்குலம் 2 நூல். நீளத்தில் மூன்று படி எல்லாவற்றிலும் வரும்.

33 அங்குல லாட்: முதல் ஸ்லாபில் மேடையின் நீளக் கை, 126 × 25. பக்கத்தில் மிஞ்சுவது 7 அங்குலத்துக்கும் குறைவு. படி எதுவும் வராது. இரண்டாவதில் குட்டைக் கை, 71 × 25. அதற்கு அடுத்து 60 × 32 அங்குலம் மிஞ்சும். அதில் இரண்டு படி. பாக்கி 18 படிக்கு, ஸ்லாபுக்கு 6 வீதம் மூன்று ஸ்லாப். மொத்தம் 5 ஸ்லாப், 151 சதுர அடி.

36 அங்குல லாட்: மேடைக் கை எடுத்த பின் பக்கத்தில் மிஞ்சுவது 9 அங்குலம் 7 நூல். அதிலும் படி வராது. ஆனால் படிக்கென்றே ஒதுக்கும் ஸ்லாபில் மூன்று பட்டை வரும், அதாவது 9 படி. குட்டைக் கைக்கு அடுத்து மிஞ்சும் 60 × 35 அங்குலத்திலும் மூன்று படி. 3 + 9 + 9 = 21. மொத்தம் 4 ஸ்லாப், 132 சதுர அடி. உபரி ஒன்றுதான், இரண்டு படி உடைந்தால் அவ்வளவுதான்.

38 அங்குல லாட்: சீவினால் 37. மேடை 25, பிளேடு ஒரு நூல், படி 11. மொத்தம் 36 அங்குலம் 1 நூல். உள்ளே அடங்கிவிட்டது. மேடை வெட்டும் கல்லின் ஓரத்திலேயே மூன்று படி கிடைக்கிறது. முதல் ஸ்லாபில் நீளக் கை + 3 படி. இரண்டாவதில் குட்டைக் கை + ஓரத்தில் 3 + அடுத்து மிஞ்சியதில் 2. மூன்றாவதில் 9. மொத்தம் 17 படி. பாக்கி மூன்றுக்கு முழு ஸ்லாப் வாங்காதீர்கள். அதே லாட்டில் 4 அடிக்கு 4 அடி துண்டு ஒன்று கேளுங்கள். அதில் 4 படி வரும், ஒன்று உபரி. மூன்று ஸ்லாப் 104½, துண்டு 16. மொத்தம் 120½ சதுர அடி.

வேலை ஒன்றுதான், நிகரமும் அதே 100தான். அகலம் மட்டும் மாறியதில் 151, 132, 120½ என்று வந்து நிற்கிறது.

சதுரஅடி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஸ்டிமேட் போடும் நேரத்தில் ஸ்லாப் அளவு எப்படித் தெரியும்? அப்போது ஏதாவது ஒரு சதவீதம் போட்டுத்தானே ஆக வேண்டும்?

கல்பட்டறை

பட்ஜெட்டுக்குப் போடுங்கள் சார், தவறில்லை. படி இருக்கும் வேலைக்கு 15% போடாதீர்கள், அவ்வளவுதான். மேலே நன்றாக அடுக்கியதிலேயே 20%க்குச் சற்று மேல் போகிறது. தரைக்குப் போடும் பெரிய கல்லுக்குச் சரிவரும் சதவீதம், 11 அங்குலப் பட்டை வெட்டும் வேலைக்குச் சரிவராது. கல் வாங்கப் போகும் நாளில் சதவீதத்தை வைத்துவிட்டு ஒரு தாளில் ஸ்லாப்களை வரைந்து, துண்டுகளை உள்ளே அடுக்கிப் பார்ப்பதுதான் வழி.

வளைபடி

எங்கள் படியில் திருப்பத்தில் லேண்டிங் கிடையாது. மூன்று முக்கோணப் படிகள் விசிறி மாதிரி வருகின்றன. இந்த 43 × 11 கணக்கை எனக்கும் போடலாமா? கடைக்காரர் முக்கோணம்தானே, பாதிதான் ஆகும் என்கிறார்.

கல்பட்டறை

பரப்பு பாதி, கல் பாதி ஆகாது. முக்கோணத்தைச் சுற்றி நிற்கும் நீள்சதுரம் எவ்வளவோ அவ்வளவு கல் வேண்டும். இரண்டு முக்கோணத்தை எதிரெதிராகத் திருப்பி வைத்தால் கொஞ்சம் மீட்கலாம், ஆனால் கோடு ஓடும் கல்லாக இருந்தால் திருப்பியது பளிச்சென்று தெரியும். திருப்பப் படி மூன்றும் ஒரே அளவில் வராது. அட்டையில் ஒவ்வொரு படிக்கும் தனி அச்சு வெட்டி, மேல்பக்கம் எது என்று எழுதி எடுத்துப் போங்கள். அச்சைத் தலைகீழாக வைத்து வெட்டினால் பாலிஷ் முகம் அடியில் போய்விடும். விவரத்துக்குத் தனி இழை போடுங்கள், அளவோடு வாருங்கள்.

அடுப்படி_மீனா

மேடையைப் பற்றி ஒன்று கேட்கிறேன். மூலையில் இரண்டு கையையும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்தால் பார்க்க நன்றாக இருக்குமே? எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

கல்பட்டறை

நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குட்டைக் கை 71 அங்குலத்துக்குப் பதில் 96 அங்குலமாகிவிடும். இரண்டாவது ஸ்லாபில் அடுத்து மிஞ்சுவது 60க்குப் பதில் 35. அதில் 43 அங்குலப் படி வராது, இரண்டு படி போச்சு. ஒட்டும் 25லிருந்து 35 அங்குலமாக நீளும். சுவர் மூலைக்குப் போகும் கூர்மையான முனை ஏற்றி இறக்கும்போது உடையும்.

நேர் ஒட்டிலும் ஒரு சிக்கல் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். நீளக் கையின் முன் விளிம்பை முழு 126 அங்குலத்துக்கும் உருட்டிவிட்டால், குட்டைக் கை வந்து முட்டும் 25 அங்குலத்தில் மேலே ஒரு பள்ளம் விழும். உருண்ட விளிம்பும் நேர் விளிம்பும் சேரும் இடத்தில் கல் இருக்காது. அங்கே பிசின் வைத்து நிரப்புவார்கள். கொஞ்ச நாளில் அழுக்கு ஏறிக் கோடாகத் தெரியும். கைவிரலை ஒட்டின் மேல் குறுக்கே ஓட்டினாலே பள்ளம் தட்டுப்படும். அதனால் உருட்டுவது 101 அங்குலத்தோடு நிற்க வேண்டும். உள்மூலையில் விளிம்பு உருண்டிருக்கும் அளவுக்கு மட்டும், ஒரு அங்குலம் போல, 45 வைத்து இரண்டையும் சேர்க்கலாம். மீதி ஒட்டு நேராகவே போகட்டும். மீனா அக்கா கேட்கும் அழகும் கிடைக்கும், கல்லும் மிஞ்சும்.

அடுப்படி_மீனா

ஒரு அங்குலத்துக்கு மட்டும் 45 என்பது எல்லாப் பட்டறையிலும் சரியாக வராது தம்பி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி வைத்து, முனையில் சில்லு பெயர்ந்திருக்கிறது. எனக்கு முழு 45தான் பிடிக்கும். இரண்டு படிக்கான கல்லை மிச்சம் பிடிப்பதற்காக, தினம் நின்று வேலை செய்யும் மேடையைச் சமாளிப்பானேன்?

கல்பட்டறை

கை நல்ல ஆளாக இருக்க வேண்டும் என்பது உண்மை அக்கா. வெட்டுபவர் முன்பு வைத்த மூலை ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

செல்வி_புதுவீடு

மூலையை வீட்டில் பேசி முடிவு செய்கிறோம். எட்ஜ் பாலிஷ் அளவை மட்டும் சொல்லிவிடுங்கள் அண்ணா. 88½ என்று போட்டிருந்தேன்.

கல்பட்டறை

பாலிஷ் என்பது கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு மட்டும். சுவரில் முட்டும் பக்கத்துக்கும் ஒட்டுக்குள் மறையும் பக்கத்துக்கும் கிடையாது.

மேடை: நீளக் கை 101 அங்குலம், குட்டைக் கையின் முன்பக்கம் 71, திறந்த முனை 25. மொத்தம் 197, அதாவது 16 அடி 5 அங்குலம். கல்லின் ஓட்ட நீளமும் 16 அடி 5 அங்குலம்தான். உள்மூலையில் 25 குறைகிறது, திறந்த முனையில் அதே 25 கூடுகிறது, அதனால் ஒத்துப்போகிறது. முனை சுவரில் முட்டியிருந்தால் பாலிஷ் 14 அடி 4 அங்குலத்தோடு நின்றிருக்கும்.

சிங்க் அடியில் தொங்கும் வகை என்றால் ஓட்டையின் உள்விளிம்பு நான்கு பக்கமும் தெரியும், தண்ணீரும் படும். 21 × 18க்குச் சுற்றளவு 78 அங்குலம், 6½ அடி. மேலே உட்காரும் சிங்க்காக இருந்தால் இது வேண்டாம். அடுப்பு ஓட்டைக்கும் வேண்டாம், அதன் கண்ணாடி மறைத்துவிடும்.

படி: முன்பக்கம் 43, திறந்த பக்கம் 11. படிக்கு 54 அங்குலம், அதாவது 4½ அடி. 18 படிக்கு 81 அடி. லேண்டிங், மாடித் தரை விளிம்பு இரண்டுக்கும் முன்பக்கம் மட்டும், 7 அடி 2 அங்குலம்.

எல்லாம் சேர்த்து 111 ரன்னிங் அடி. உங்கள் கணக்கை விட 22 அடிக்கு மேல் கூடுதல். அதில் பெரும்பங்கு படியின் பக்கவாட்டு 11 அங்குலம்தான். மொத்தம் 16½ அடி.

வலப்பக்கமா இடப்பக்கமா என்பதையும் படிவாரியாக எழுதிக் கொடுங்கள். முதல் ஓட்டத்தில் ஏறும்போது திறப்பு எந்தக் கையில் வருகிறதோ, திரும்பியபின் இரண்டாவது ஓட்டத்திலும் உள்பக்கம் அதே கையில்தான் வரும். ஆக 18 படிக்கும் ஒரே பக்கம். பட்டறையில் பாதி வலம், பாதி இடம் என்று தாங்களாகவே எண்ணிக்கொண்டு பாலிஷ் போட்டுவிடுவார்கள். பிறகு 9 படியில் பாலிஷ் சுவருக்குள் போகும்.

சதுரஅடி

மேடை விளிம்பு கனமாகத் தெரிய அடியில் பட்டை ஒட்டுவார்களே, அதற்குத் தனிக் கல் கணக்கு வராதா?

கல்பட்டறை

வரும் சார். விளிம்பு நீளம் எவ்வளவோ அத்தனைக்கும் ஒன்றரை அங்குலப் பட்டை வேண்டும். மேலே போட்ட அடுக்கில் மூன்றாவது ஸ்லாபில் 9 படி எடுத்த பின் 3¾ அங்குலம் அகலத்தில் 131 அங்குல நீளப் பட்டை மிஞ்சுகிறது. அதை இரண்டாகப் பிளந்தால் 262 அங்குலம் கிடைக்கும், தேவை 197. தனிக் கல் வேண்டாம். ஆனால் பாலிஷ் ஆட்கள் இரட்டை விளிம்புக்குத் தனி விகிதம் கேட்பார்கள். மேடையின் 16 அடி 5 அங்குலத்தை மட்டும் பில்லில் தனி வரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

செல்வி_புதுவீடு

இன்று மேஸ்திரியோடு உட்கார்ந்து ஒவ்வொரு படியாக அளந்தோம். எல்லாம் 10 அங்குலம் இல்லை. ஒன்று 10¼ வருகிறது. கடையில் 3 அடி 2 அங்குல லாட்டிலும் மூன்று ஸ்லாபையும் அளந்தேன். இரண்டு 38, ஒன்று ஒரு முனையில் 37½தான் இருக்கிறது. 4 அடித் துண்டு தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

கல்பட்டறை

நல்ல வேலை செய்தீர்கள். ஸ்லாபை எப்போதும் மிகக் குறுகிய இடத்தில்தான் அளக்க வேண்டும்.

எல்லாப் படியையும் 11¼ ஆக வைத்துக்கொள்ளுங்கள். குறைவாக இருக்கும் படிக்குப் பின்பக்கத்தில் சீவிக்கொள்ளலாம், பின்விளிம்பு டைலுக்கு ஒட்டினாற்போல் போய்விடும். 38 அங்குலக் கல்லில் 25 + 11¼ + ஒரு நூல், 36 அங்குலம் 3 நூல். 37க்குள் அடங்குகிறது. 37½ அங்குலக் கல் சீவினால் 36½தான், மேடையும் படியும் சேர்த்து வெட்ட ஒரு நூல்தான் இடைவெளி. அந்த அபாயம் வேண்டாம். அதைப் படிக்கென்று மூன்றாவது ஸ்லாபாக ஒதுக்குங்கள். மூன்று 11¼ பட்டை, இரண்டு வெட்டு, சரியாக 34 அங்குலம். தாராளமாக வரும்.

ஒன்று மாறுகிறது. அதில் மிஞ்சும் பட்டை 2½ அங்குலம்தான், இரண்டாகப் பிளக்க முடியாது. ஒரே 131 அங்குலப் பட்டை. அதில் நீளக் கைக்கு 101 எடுத்துவிட்டு, திறந்த முனைக்கு 25 எடுக்கலாம். குட்டைக் கையின் 71க்கு, இரண்டாவது ஸ்லாபில் இரண்டு படி எடுத்த இடத்தில் மிஞ்சும் 60 அங்குலப் பட்டைதான் இருக்கிறது. 11 அங்குலத்துக்கு ஒரு ஒட்டு வரும். கறுப்புக் கல்லில் அது பெரிதாகத் தெரியாது. வேண்டாம் என்றால் குட்டைக் கையில் ஒற்றை விளிம்பாகவே விட்டுவிட முடியாது, இரண்டு கையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.

ஏற்றும் முன் மூன்று ஸ்லாபிலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கல் காயும்போது ஒரு மெல்லிய கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது விரிசல். மேடை வெட்டும் கல்லில் அது சிங்க்குக்கு முன்னாலிருக்கும் குறுகிய பகுதியில் விழுந்தால் தூக்கும்போதே முறியும். படி ஸ்லாபில் இருந்தால் அந்தப் படி ஒன்று போகும், அதற்குத்தான் அந்த ஒரு உபரி.

வளைபடி

இதைப் படித்துவிட்டு எங்கள் முக்கோணப் படிகளுக்கு அட்டை வெட்டினோம். மூன்றில் ஒன்று 44 × 30 அங்குல நீள்சதுரம் கேட்கிறது. செல்வி சொன்ன 2 அடி 9 அங்குல லாட் எனக்குப் பொருந்துமோ என்று தோன்றுகிறது. தனி இழை போடுகிறேன்.

செல்வி_புதுவீடு

ஒட்டு வேண்டாம் என்கிறார் மாமியார். இரட்டை விளிம்பை மொத்தமாக விட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம். அப்படியானால் பாலிஷ் அதே 111 அடிதானே?

கல்பட்டறை

நீளம் அதேதான். படியின் பக்கவாட்டுக் கால் அங்குலம் கூடியதில் நாலரை அங்குலம் சேரும், அவ்வளவே. விகிதம் மட்டும் முழுக்க ஒற்றை விளிம்பு விகிதமாகிவிடும். அப்படிச் செய்தால் கல் 18 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். ஸ்லாபின் நான்கு முனையிலும் அளந்து பாருங்கள். ஒரே கல்லிலேயே இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வருவதுண்டு, ஒற்றை விளிம்பில் அது ஒட்டு இடத்தில் தெரியும்.

அடுப்படி_மீனா

அப்படியே படியில் நோசிங்குக்குப் பின்னால் இரண்டு கோடு வெட்டச் சொல்லுங்கள் செல்வி. பாலிஷ் கல் ஈரத்தில் வழுக்கும். அதற்கும் ரன்னிங் அடியில்தான் அளப்பார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.